கிஸ்மிஸ் தண்ணீரின் நிறம் இரும்பு இல்லை

"மூணு மாசமா தினமும் கிஸ்மிஸ் தண்ணி குடிக்கிறேன்கா. ரத்தம் இன்னும் பத்துலயே நிக்குது. வேற பிராண்டு மாத்திப் பாக்கவா?" ஈசூனில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்ட கேள்வி இது. பிராண்டில் கோளாறு இல்லை. தேக்காவில் வாங்கினாலும் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் வாங்கினாலும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் வராது. கோளாறு நாம் அந்தத் தண்ணீரிடம் எதிர்பார்ப்பதில் இருக்கிறது.

நீண்ட நாள் பயன்பாட்டில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றுதான்: அந்த நிறம். விதையில்லாக் கருப்பு கிஸ்மிஸ் 20 எண்ணி எடுத்தால், சமையலறைத் தராசில் ஏறக்குறைய 10 கிராம் காட்டும். இரண்டு முறை அலசி, முக்கால் கிளாஸ் தண்ணீரில் இரவு முழுக்க வைத்தால், காலையில் தோல் விறைத்து உப்பியிருக்கும். தண்ணீர் பால் ஊற்றாத தே-ஓ நிறத்துக்கு வந்திருக்கும். "இரும்பு இறங்கிடுச்சு பாருங்க" என்று பெரும்பாலோர் சொல்வது இந்த இடத்தில்தான். உண்மையில் அது பழம் காயும்போது உண்டான பழுப்பும், தோலில் இருக்கும் பாலிஃபீனால் சாயமும். இந்த அளவு இரும்பு தண்ணீரில் கரைந்தால் கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாது. இன்னொன்று, அந்தப் பாலிஃபீனால்களே இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் போகவிடாமல் தடுப்பவை. நம்பிக்கை தரும் நிறமே தடை போடும் பொருள் என்பது தெரிந்தபிறகு, அந்தத் தம்ளரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கைப் போட்டுவிடுகிறேன். 100 கிராம் கிஸ்மிஸில் இரும்பு 1.9 மில்லிகிராம்தான். அப்படியென்றால் 20 கிஸ்மிஸில் 0.19. அது முழுவதும் தண்ணீரில் இறங்காது, பெரும்பகுதி பழத்திலேயே தங்கும். விவாதத்துக்காக முழுவதும் இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். தாவர இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே நல்ல சேர்மானம். ஆக ஒரு நாளைக்கு 0.02 மில்லிகிராம்.

இப்போது தோழியின் ஹீமோகுளோபின் 10-லிருந்து 12-க்கு ஏற வேண்டும். அவள் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 4 லிட்டர். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 100 மில்லி ரத்தத்துக்கு 2 கிராம் என்ற அந்த உயர்வை 4 லிட்டர் முழுவதற்கும் பெருக்கினால், புதிதாகச் சேர வேண்டிய இரும்பு சுமார் 270 மில்லிகிராம். 270-ஐ 0.02-ஆல் வகுத்தால் 13,500 நாள், அதாவது 37 வருடம். அதுவும் மாதவிடாயில் ஒரு துளிகூடப் போகாமல் இருந்தால். உடம்பு சாதாரணமாகவே தினமும் 1 மில்லிகிராம் இரும்பை இழக்கிறது என்பதால், அந்த 37 வருடமும் கணக்கில் மட்டும்தான் உண்டு.

200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரை ஒன்றில் இருக்கும் இரும்பு சுமார் 65 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும் 6.5. அதே 270 மில்லிகிராம் ஆறேழு வாரத்தில் சேர்ந்துவிடும்.

அப்படியானால் ஊறவைப்பது எதை மாற்றுகிறது? தண்ணீர் பழத்துக்குள் போகிறது. பழத்திலிருந்து சர்க்கரையில் ஒரு பகுதி, பொட்டாசியம், கொஞ்சம் அமிலம், நிறம் வெளியே வருகின்றன. மேலே ஒட்டிய தூசி அலசும்போதே போகும். மஞ்சள் கிஸ்மிஸாக இருந்தால், நிறம் மங்காமல் இருக்கப் போட்ட கந்தகத்தில் ஒரு பங்கும் தண்ணீரில் இறங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மஞ்சள் கிஸ்மிஸ் ஊறிய தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது. சர்க்கரையைப் பொறுத்தவரை 20 கிஸ்மிஸில் 6 கிராம். 50 போட்டால் 16 கிராம், நாலு தேக்கரண்டி அளவு. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பழத்தைக் குப்பையில் போடுகிறவர்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நார்ச்சத்து முழுவதும் அந்தப் பழத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். கிஸ்மிஸ் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். ரொட்டி சுடுகிறவர்கள் அதை வைத்தே புளிப்பு மாவு எழுப்புவார்கள். 30 டிகிரி சமையலறையில் ஒரு இரவு தாண்டி அடுத்த நாளும் வெளியே இருந்தால் பழங்கள் மேலே மிதக்கும், சுற்றிலும் நுண்ணிய குமிழ் ஒட்டியிருக்கும், மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வரும், லேசாகக் கள் வாடை அடிக்கும். அந்தத் தண்ணீர் நொதித்துவிட்டது. கொட்டிவிடுங்கள். இதைத் தவிர்க்க ஆரம்பத்திலேயே குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். ஊறுவதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு திட்டிய பிறகும் என் வீட்டு டப்பாவில் கிஸ்மிஸ் தீர்ந்ததில்லை. காரணம், இரும்பு மாத்திரையோடு வரும் மலச்சிக்கல். பலர் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவது அதனால்தான். ஊறிய 20 கிஸ்மிஸை மென்று தின்று, அந்தத் தண்ணீரையும் குடித்தால், நார்ச்சத்தும் டார்ட்டாரிக் அமிலமும் சேர்ந்து வயிற்றை இளக்கும். நேரம்தான் முக்கியம். மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், ஒரு கொய்யாத் துண்டோடு. கோப்பியோ தேயோ ஒரு மணி நேரம் கழித்து. கிஸ்மிஸ் ராத்திரி. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பாலிஃபீனால் மாத்திரையின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரை எடுக்கும் நாட்களில் மலம் கறுப்பாகப் போவது வழக்கம், பயப்பட வேண்டாம்.

பாதாமுக்கு வருகிறேன். 10 பாதாம் ஏறக்குறைய 12 கிராம். அதில் இரும்பு 0.4 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அந்த 20 கிஸ்மிஸில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ரத்தத்துக்குக் கிஸ்மிஸ், மூளைக்குப் பாதாம் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, எண்ணிக்கை அந்தப் பிரிவினையை மதிக்கவில்லை. ஆனால் பாதாமில் ஃபைட்டேட் இருக்கிறது, அதுவும் இரும்பைக் கட்டிப்போடும். ஊறவைத்தால் ஃபைட்டேட் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஆய்வில் ஊறவைத்த கொட்டைகளை அளந்து பார்த்தார்கள். ஃபைட்டேட்டில் பெரிய மாற்றம் இல்லை. தாதுக்கள்தான் கொஞ்சம் தண்ணீரில் போயின. நறுக்கி ஊறவைத்தால் இழப்பு இன்னும் அதிகம். கேழ்வரகும் பச்சைப்பயறும் முளைகட்டும்போது ஃபைட்டேட் குறைவது உண்மை. அந்த அனுபவத்தை அப்படியே பாதாமுக்குப் பொருத்திவிட்டோம்.

பாதாமில் ஊறல் உண்மையாகச் செய்வது இரண்டு. ஒன்று, தோல் கழன்றுவிடும். எட்டு மணி நேரம் ஊறிய பாதாமின் முனையை இரண்டு விரலால் அழுத்தினால், பருப்பு வெள்ளையாக வழுக்கி வெளியே வரும். துவர்ப்பு போய்விடும். அவசரமென்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டாலும் இதே பலன். தோலில் நஞ்சு எதுவும் இல்லை, அதோடு தின்றால் நார்ச்சத்து மிச்சம். இரண்டாவது, மென்மை. எனக்கு இதுதான் பிடித்தது. பாதாமின் கொழுப்பும் வைட்டமின் ஈயும் செல் சுவருக்குள் அடைபட்டிருக்கும். பல் உடைத்தால்தான் வெளியே வரும். கடினமான பாதாமை அரைகுறையாக மென்று விழுங்கும் முதியவருக்கு, ஊறிய பாதாம் கூடுதலாகப் பலன் தரலாம். பற்கள் நன்றாக உள்ள இருபது வயதுக்காரருக்கு அப்படி வித்தியாசம் இல்லை.

பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குக் காலையில் ஐந்து பாதாம் என்பது பல வீடுகளில் சடங்குபோல நடக்கிறது. நல்ல தீனிதான், கொடுங்கள். 10 பாதாமில் 3 மில்லிகிராம் வைட்டமின் ஈ கிடைக்கும், ஒரு பெரியவருக்கு ஒரு நாளில் வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதைத் தின்றதால் படித்தது நினைவில் நிற்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. பிள்ளையோ பெரியவரோ அடிக்கடி மறக்கிறார், கவனம் சிதறுகிறது என்றால், இரும்புக் குறைவும் பி12 குறைவும் அதே அறிகுறிகளைக் காட்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், நீண்ட காலம் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12-ஐப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பாதாமில் பி12 கிடையாது.

சீன மருந்துக் கடைகளில் பாதாம் என்ற பெயரில் கிடைக்கும் சிறிய, தட்டையான வெள்ளைப் பருப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு. அதில் கசப்பு வகையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஊறிய பாதாமிலும் ஒன்று கசந்தால் துப்பிவிடுங்கள்.

ஐந்து நட்சத்திரத்தில் கிஸ்மிஸ் தண்ணீருக்கு ஒன்று. ஊறிய பாதாமுக்கு நாலு. இருந்தாலும் இன்றைக்கு ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் கிஸ்மிஸைத்தான் சொல்வேன், தண்ணீருக்காக இல்லை, அந்த ராத்திரிப் பழத்துக்காக.

தோழிக்கு: பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மாத்திரை தேவை. ஃபெரிட்டின் சரியாக இருந்து, சிவப்பணு மட்டும் சிறியதாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா கூறாக இருக்கலாம். சிங்கப்பூரில் அது அரிதில்லை, அதற்கு இரும்பு உதவாது. மாத்திரை தொடங்கி நாலு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பிராண்டை மாற்றாதே. ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவரிடம் கேள், உதிரப்போக்கு அதிகமா என்பதையும் மறைக்காமல் சொல்.