கணக்கில் ஏற்றுவதா, குறிப்பில் சொல்வதா: ஒரு மாங்கூழ் ஆலையின் ஜி.எஸ்.டி. வழக்கு

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கிறது. கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதே உள்ளீட்டு வரி வரவு. 2021-22ஆம் ஆண்டில் ஆலை எடுத்த அந்த வரவில் 18 லட்சம் ரூபாய் செல்லாது என்று 2025 பிப்ரவரியில் ஜி.எஸ்.டி. ஆணை வருகிறது. ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி 36 மாதங்களுக்கு 9.72 லட்சம், அபராதம் பத்து விழுக்காடாக 1.80 லட்சம் என்று சேர்த்தால் மொத்தம் 29.52 லட்சம். மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் அவகாசம் உண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்காகக் காத்திருக்காது.

இந்த நிலையில் மூன்று வழிகள் பேச்சுக்கு வரும். முழுத் தொகையையும் ஒதுக்காகக் கணக்கில் ஏற்றி அந்த ஆண்டு லாபத்திலிருந்து கழிப்பது ஒன்று. கணக்கில் எதுவும் ஏற்றாமல், இருப்புநிலைக் குறிப்புடன் இணைக்கும் விளக்கக் குறிப்பில் எதிர்பாராப் பொறுப்பாக மட்டும் தெரிவிப்பது இரண்டாவது. வாயே திறக்காமல் இருப்பது மூன்றாவது. "ஆடிட்டர் சார், அப்பீல் போட்டாச்சுன்னா நோட்டுல போட்டுட்டா போதும்தானே?" என்று முதலாளி கேட்பது இரண்டாவது வழியைத்தான். கேள்வியில் உள்ள பிழை, மேல்முறையீடு செய்வதையே அளவுகோலாகக் கொண்டிருப்பது. மேல்முறையீடு நிறுவனத்தின் விருப்பத்தைக் காட்டுமே தவிர, பணம் போகுமா என்பதைக் காட்டாது.

கணக்கியல் தரநிலை 29 கேட்பது வேறு. கடந்தகால நிகழ்வு ஒன்றால் இன்றைக்கே கடப்பாடு உள்ளதா, அதைத் தீர்க்கப் பணம் வெளியேறுவது வெளியேறாததைவிட அதிக வாய்ப்புள்ளதா, தொகையை நம்பத்தகுந்த அளவில் மதிப்பிட முடியுமா என்ற மூன்றுக்கும் விடை ஆம் என்றால் ஒதுக்கு கட்டாயம். பணம் போகக்கூடும், ஆனால் போகாமலிருக்கும் வாய்ப்பே அதிகம் என்றால் வெளிப்படுத்துதல் மட்டும். வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றால் அதுவும் தேவையில்லை. மூன்றாவது வழிக்கு உரியவை, தட்டச்சுப் பிழையால் வந்து பதில் கொடுத்தவுடன் கைவிடப்படும் நோட்டீஸ் போன்றவை மட்டுமே. நம் ஆணை அந்த வகையைச் சேராது.

ஆணை ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அடுத்த தவறு. 18 லட்சத்தைப் பில் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வெவ்வேறு கதைகள் கிடைக்கின்றன.

முதல் 3 லட்சம், ஒரே பில்களுக்கு இரண்டு முறை எடுத்த வரவு. பிப்ரவரியில் பில் எண்ணைச் சாய்கோட்டுடன் பதிந்தவர், மார்ச்சில் அதே பில்களைச் சாய்கோடு இல்லாமல் மீண்டும் பதிந்திருக்கிறார். மென்பொருள் அவற்றை வெவ்வேறு பில்களாக எடுத்துக்கொண்டது. இதில் வாதாட ஒன்றுமில்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து 4.92 லட்சம் கணக்கில் ஏறியே ஆக வேண்டும். கண்டிப்பாகப் பார்த்தால் இதை ஒதுக்கு என்றுகூடச் சொல்லக் கூடாது. தொகையும் கடப்பாடும் உறுதியாகிவிட்டதால் இது நேரடியான கடன்.

அடுத்த 4 லட்சம், சீசன் நேரத்தில் அவசரத்துக்கு வாங்கிய பேக்கிங் பொருள்களுக்கானது. பில் நகல் இல்லை, இ-வே பில் இல்லை, சரக்கு உள்ளே வந்ததற்கான கேட் பதிவும் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொல்வார். ஆனால் சரக்கு வந்ததை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் மேல் இருக்கும்போது, காகிதமே இல்லாத வழக்கில் தோற்கும் வாய்ப்பே அதிகம். எனவே மேல்முறையீடு செய்தாலும் 6.56 லட்சத்துக்கு ஒதுக்கு வேண்டும்.

மீதமுள்ள 11 லட்சத்தில்தான் உண்மையான அலசல் இருக்கிறது. தகர டின் விற்றவர் தன் விற்பனை விவர அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-1இல் பில்களைக் காட்டியிருக்கிறார். அவை ஆலைக்குக் கிடைக்கும் வரவுப் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யிலும் வந்திருக்கின்றன. ஆனால் விற்றவர் வரி கட்டுவதற்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி அறிக்கையைத் தாக்கல் செய்து வரியைக் கட்டவில்லை. ஆலையிடம் பில், இ-வே பில், லாரி ரசீது, வங்கி வழியே பணம் கொடுத்த சான்று எல்லாம் உள்ளன. விற்றவர் மீது நடவடிக்கை எடுக்காமல் வாங்கியவரை மட்டும் பிடித்த ஆணையை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ரத்து செய்திருக்கிறது. அதே வேளையில் விற்றவர் வரி கட்டியிருக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையை அப்படியே ஏற்றுத் துறையின் பக்கம் நின்ற உயர் நீதிமன்றமும் உண்டு. வெற்றிக்கு நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதியில்லை. ஆகவே 18.04 லட்சம் குறிப்பில் மட்டும் தெரிவிக்க வேண்டிய தொகை.

இங்கே இன்னொரு குறுக்கு வழி தலைகாட்டும். தோற்கும் வாய்ப்பு 40 விழுக்காடு என்றால் 18.04 லட்சத்தில் 40 விழுக்காட்டை, அதாவது சுமார் 7.22 லட்சத்தை ஒதுக்கிவிடலாமே என்பார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு தவறானது. ஒற்றை வழக்கில் முடிவு பூஜ்யமாகவோ 18.04 லட்சமாகவோ இருக்கலாம், 7.22 லட்சமாக இருக்கவே முடியாது. பல ஆயிரம் வாரண்டிகளை மொத்தமாக மதிப்பிடும்போதுதான் சராசரி பொருந்தும்.

ஓசூரில் அமெரிக்கத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பும் கணக்காளர்களுக்கு ஒரு சொல் மட்டும். அமெரிக்க விதியில் ஒதுக்குக்கான வரம்பு பாதிக்கு மேல் என்பதைவிட உயரமானது. அதனால் 52 விழுக்காடு தோற்கும் வாய்ப்புள்ள வழக்கு இங்கே ஒதுக்காகவும் அங்கே வெளிப்படுத்துதலாகவும் நிற்கலாம்.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதும் தேர்வின் பகுதிதான். "வழக்குகள் நிலுவையில் உள்ளன" என்ற ஒற்றை வரி போதாது. நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கும் "கடனாக ஏற்கப்படாத கோரிக்கைகள்" தலைப்பின் கீழ், வழக்கின் தன்மை, 18.04 லட்சம் என்ற மதிப்பீடு, அது எதைப் பொறுத்து மாறும், விற்றவரிடமிருந்து திரும்பப் பெற வழியுண்டா என்பவை வேண்டும். வட்டி நாளுக்கு நாள் ஏறுவதால் அடுத்த மார்ச்சில் இந்த எண் அப்படியே நிற்காது. கடந்த ஆண்டுக் குறிப்பை வெட்டி ஒட்டிய அறிக்கையை இந்த ஓர் எண்ணிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாளிகள் ஒதுக்கை வெறுப்பதற்குக் காரணம் வங்கி; லாபம் குறைந்தால் கடன் வரம்பு புதுப்பிப்பில் கேள்வி வரும். ஆனால் கடன் அதிகாரி குறிப்புகளையும் படிக்கிறார். மறுபுறம், லாபம் கொழுத்த ஆண்டில் முழு 29.52 லட்சத்தையும் ஒதுக்கினால் வருமான வரி குறையும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது நடக்காது: இத்தகைய வரிக்கு, பணத்தைச் செலுத்தினால்தான் கழிவு கிடைக்கும்.

ஏப்ரலில் மேல்முறையீட்டுக்காக, மறுக்கப்படும் 15 லட்சத்தில் பத்து விழுக்காடான 1.50 லட்சம் முன்வைப்பாகக் கட்டப்படுகிறது. அது செலவு அல்ல, பெற வேண்டிய முன்பணம். கணக்கு கையெழுத்தாகும் முன்பே, ஆகஸ்டில் மேல்முறையீட்டு ஆணை பாதகமாக வந்துவிட்டால், மார்ச் 31 அன்று இருந்த நிலையையே அது உறுதிசெய்வதால் 18.04 லட்சம் குறிப்பிலிருந்து ஒதுக்குக்கு நகரும். அடுத்த கட்டமான தீர்ப்பாயத்தில் வெல்லும் வாய்ப்பே அதிகம் என்று காட்ட ஆதாரம் இருந்தால் மட்டுமே அது குறிப்பிலேயே தங்கும். அதே ஆணை செப்டம்பர் இறுதியில், கையெழுத்துக்கு மறுநாள் வந்தால், 2024-25 கணக்கில் கை வைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டின் ஒதுக்காக அது ஏறும்.