டிரபீசியமா டிரபிசாய்டா, வின்கிரிஸ்டினா வின்பிளாஸ்டினா: நினைவுச் சொல்லையும் காரண அறிவையும் ஒப்பிட்டு ஓர் அலசல்

மருத்துவத் தேர்வுகளில் ஒலியால் நெருங்கிய இரண்டு பெயர்களை விடைத் தெரிவுகளில் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும்போது, மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நம்புகிறார்கள். முதலெழுத்து வாக்கியம், எதுகை போன்ற நினைவுச் சொல் ஒரு வழி; உறுப்பின் வேலையிலிருந்தோ மருந்து செயல்படும் முறையிலிருந்தோ விடையை வருவித்துக்கொள்ளும் காரண அறிவு மற்றொன்று. எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. இரண்டு பெயர்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைப் பார்த்தால்தான் எந்த வழி கைகொடுக்கும் என்று சொல்ல முடியும்.

மணிக்கட்டு எலும்புகளை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் பக்கத்திலிருந்து தொடங்கினால், மேல்வரிசையில் ஸ்கேபாய்டு, லூனேட், டிரைகுவிட்ரம், பிசிபார்ம் ஆகியவையும், கீழ்வரிசையில் டிரபீசியம், டிரபிசாய்டு, கேபிடேட், ஹேமேட் ஆகியவையும் இருக்கின்றன. இந்த எட்டின் முதலெழுத்துகளை வைத்துக் கட்டிய ஆங்கில வாக்கியம் ஒன்றை ஏறக்குறைய எல்லா மாணவர்களும் மனப்பாடம் செய்திருப்பார்கள். வரிசையைச் சொல்ல அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதில் ‘டி’ என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. கீழ்வரிசையில் மட்டும் இரண்டு ‘டி’ பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. டிரபீசியம் முதலா, டிரபிசாய்டு முதலா என்ற கேள்விக்கு அந்த வாக்கியம் எதுவும் சொல்லாது, ஏனென்றால் பெயர்கள் பிரிவது கடைசி அசையில். வாக்கியம் பிடித்து வைத்திருப்பதோ முதல் எழுத்தை.

இங்கே காரண அறிவே தெளிவாக மேலானது, அதை உங்கள் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளை ஒவ்வொன்றாக மறு கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். சுண்டுவிரலுக்கு நேரே உள்ளங்கைக்குள் இருக்கும் மெட்டாகார்பல் எலும்பு நன்றாக அசையும். ஆள்காட்டி விரலுடையது ஏறக்குறைய அசையவே அசையாது. கட்டைவிரலின் மெட்டாகார்பலோ உள்ளங்கையின் குறுக்கே வந்து மற்ற விரல்களின் நுனியைத் தொடும் அளவுக்குச் சுழலும். அவ்வளவு சுழற்சிக்கு அதன் அடியில் சேணம் போல் இரு திசையிலும் வளைந்த மூட்டுப் பரப்பு தேவைப்படுகிறது. அந்தப் பரப்பைத் தருவது டிரபீசியம். அசையாத ஆள்காட்டி விரலின் மெட்டாகார்பல், ஆப்பு வடிவச் சிறிய எலும்பான டிரபிசாய்டின் மீது இறுகப் பொருந்தியிருக்கிறது. கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்ந்து வலிக்கும் மூத்த நோயாளிகளுக்குச் சில நேரம் அறுவை செய்து அகற்றப்படுவதும் டிரபீசியமே.

“மெட்டாகார்பல்களில் இரண்டாவதோடு மட்டும் மூட்டு சேரும் மணிக்கட்டு எலும்பு எது?” என்று கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் முதலெழுத்து வாக்கியத்தை மட்டும் நம்பியவர் தடுமாறுவார். கையை அசைத்துப் பார்த்தவருக்கு டிரபிசாய்டு என்ற விடை கிடைத்துவிடும். கடைசி அசைக்கு ஒரு பிடி வேண்டுமென்பவர்கள், ஆங்கிலத்தில் கட்டைவிரலைக் குறிக்கும் ‘தம்’ என்ற சொல்லோடு ‘டிரபீசியம்’ ஒலி ஒத்து முடிவதை வைத்துக்கொள்ளலாம். அது கூடுதல் உதவி மட்டுமே.

இரண்டாவது இணையில் நிலைமை மாறுகிறது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரண்டு புற்றுநோய் மருந்துகளும் நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பவை. இரண்டும் டியூபுலின் என்ற புரதத்தோடு பிணைந்து, அது நுண்குழல்களாகக் கோப்பதைத் தடுத்து, செல் பிரிவதை நடுவில் நிறுத்துகின்றன. செயல்படும் முறை ஒன்றே என்பதால், காரண அறிவு இரண்டு மருந்துகளின் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கே நின்றுவிடும்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். லிம்போமாவுக்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு மூன்றாவது சுற்றுக்குப் பிறகு கால்விரல்கள் மரத்துப்போகின்றன. குதிகால் நாணைத் தட்டினால் பாதம் துள்ளுவதில்லை. மலச்சிக்கலும் கடுமையாக இருக்கிறது. காரணமான மருந்து பிளியோமைசினா, டாக்சோரூபிசினா, வின்பிளாஸ்டினா, வின்கிரிஸ்டினா? நரம்பிழைகள் தமக்கு வேண்டிய பொருள்களை நுண்குழல்களின் வழியாகவே நுனிவரை கடத்துகின்றன. அந்தப் பாதை குலைந்தால் மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படும், அதனால்தான் தொல்லை பாதத்தில் தொடங்குகிறது. குடலை இயக்கும் நரம்புகளும் தப்புவதில்லை. ஆகவே நுரையீரலைத் தாக்கும் பிளியோமைசினும், இதயத்தைத் தாக்கும் டாக்சோரூபிசினும் விலகிவிடுகின்றன. மீதமுள்ள இரண்டில், நரம்புப் பாதிப்பால் அளவை மேலும் கூட்ட முடியாமல் கட்டுப்படுவது வின்கிரிஸ்டின். எலும்பு மஜ்ஜை ஒடுங்குவதால் அளவு கட்டுப்படுவது வின்பிளாஸ்டின். இந்தப் பிரிவை எந்தத் தர்க்கத்தாலும் தேர்வறையில் வருவிக்க முடியாது. இங்கே நினைவுச் சொல்தான் வேண்டும்: ‘கிரிஸ்’ என்றால் விரலில் குறுகுறுப்பு, ‘பிளாஸ்ட்’ என்றால் மஜ்ஜையில் வெடி.

இந்த நினைவுச் சொல் வேலை செய்வதற்குக் காரணம், பெயர்கள் பிரியும் எழுத்துகளிலேயே அது தொங்குகிறது. மருந்துப் பெயர்கள் குழம்பாமல் இருக்க அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் எழுத்துமுறையும் அதே இடத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது: vinCRIStine, vinBLAStine. முதலெழுத்தில் தொங்கும் எந்த நினைவுச் சொல்லும் இந்த இணையில் பயன்படாது.

குழப்பம் தேர்வோடு நிற்பதில்லை. பெரியவர்களுக்கு வின்கிரிஸ்டின் வழக்கமாகச் சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 1.4 மி.கி.; ஒரு தடவைக்கு 2 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பையும் பல மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. வின்பிளாஸ்டினோ சில சிகிச்சைத் திட்டங்களில் சதுர மீட்டருக்கு 6 மி.கி. தரப்படுகிறது. 1.7 சதுர மீட்டர் உடற்பரப்புள்ளவருக்கு அது 10.2 மி.கி. அந்த அளவில் வின்கிரிஸ்டினைச் செலுத்தினால் உச்சவரம்பைப் போல் ஐந்து மடங்காகிவிடும். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: இவை சிரைவழி மட்டுமே செலுத்தப்பட வேண்டியவை, தண்டுவட நீருக்குள் செலுத்தினால் உயிரைப் பறிக்கும்.

மூன்றாவது இணை ஹைட்ராலசினும் ஹைட்ராக்சிசினும். முன்பாதியும் முடிவும் ஒன்றுபோல் ஒலிக்க, வேலையோ முற்றிலும் வேறு. ஹைட்ராலசின் சிறு தமனிகளைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. பெயரை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு வெளிப்படாது. எதுகை தேடுவதைவிட இங்கே நல்ல வழி ஒரு மெய்யான உறவு: ஹைட்ராக்சிசின் உடலுக்குள் மாற்றமடைந்து செட்ரிசினாகிறது. தும்மலுக்கும் அரிப்புக்கும் வீட்டில் வாங்கி வைத்திருக்கும் அதே செட்ரிசின்தான். இதை அறிந்தவர் ஹைட்ராக்சிசினை மறக்க மாட்டார்; மூளைக்குள் எளிதாக நுழையும் தாய்மருந்து செட்ரிசினைவிட அதிகத் தூக்கம் தரும் என்பதையும் அதே தொடர்பில் வைத்துக்கொள்வார். உண்மையான தொடர்பு ஒன்று கிடைக்கும்போது எதுகையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதுகை ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தரும், இது அடுத்த கேள்விக்கும் தரும்.

ஹைட்ராக்சிசின் உறுதியாகிவிட்டால் ஹைட்ராலசின் எஞ்சி நிற்கிறது, அதன் பிறகு காரண அறிவு தடையின்றி ஓடும். தமனிகள் தளர்ந்து அழுத்தம் இறங்கியதும், கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் அதை உணர்ந்து இதயம் விரைவாகத் துடிக்க வைக்கின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அதனால்தான் நீண்ட காலச் சிகிச்சையில் ஹைட்ராலசினோடு பீட்டா தடுப்பியும் நீர்போக்கும் மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகின்றன. ஆனால் இதே மருந்து சிலருக்கு லூபஸ் போன்ற மூட்டுவலியையும் காய்ச்சலையும் உண்டாக்குவதை இந்தச் சங்கிலியில் எங்கும் பொருத்த முடியாது. அதைத் தனியாகவே மனப்பாடம் செய்ய வேண்டும்.