உமிச் சூட்டில் குளிர்: உறிஞ்சல் சில்லரா, கரண்ட் சில்லரா?

போன மாசியில் முழங்காவில் பக்கமிருந்து ஒரு ஆலைக்காரர் வந்திருந்தார். எங்கள் பொயிலர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உந்தச் சூட்டிலை குளிர் வருதெண்டா கரண்ட் காசு முழுக்க மிச்சம்தானே?" என்றார். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. மிச்சம் உண்டு, ஆனால் முழுக்க இல்லை. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சில்லர் என்பது தண்ணீரைக் குளிராக்கித் தரும் மெஷின். அதில் உறிஞ்சல் வகையை வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவன் நான், என் சாய்வு அதன் பக்கம்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது கிளிநொச்சிப் பக்கம் ஒரு புழுங்கல் ஆலை. காலபோக நெல்லை வெட்டி, அதில் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தால் அது அடுத்த ஐப்பசி வரை கிடக்க வேண்டும். நடுவில் வன்னி வெயில் முழுவதும் அதன் மேல்தான். சாதாரணக் களஞ்சியத்தில் முளைதிறன் இறங்கிவிடும். அதனால் விதைநெல் அறையை 18 பாகையில், ஈரப்பதன் குறைத்து வைக்க முடிவெடுத்தோம். அறையோடு பொதி கட்டும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது 35 கிலோவாற் குளிர் தேவைப்பட்டது. கடைக்காரர் பாஷையில் 10 தொன் மெஷின்.

இருந்த தெரிவுகள் இரண்டு. ஒன்று, கொம்ப்ரசரோடு வரும், வெளியே காற்றாடி வைத்த சாதாரணக் கரண்ட் சில்லர். மற்றது, லித்தியம் புரோமைட் உப்புக் கரைசலை வைத்து வேலை செய்யும் உறிஞ்சல் சில்லர். இதில் கொம்ப்ரசர் இல்லை. வெற்றிடத்துக்குள் தண்ணீர் 5, 6 பாகையிலேயே ஆவியாகி குளிரைத் தருகிறது. அந்த ஆவியை உப்புக் கரைசல் உறிஞ்சிக்கொள்கிறது. கரைசலைச் சூடாக்கி ஆவியைத் திரும்பப் பிரித்தெடுக்கத்தான் எங்கள் புகைபோக்கிச் சூடு. குளிர் தருவது தண்ணீரே என்பதால் 5 பாகைக்குக் கீழே இதைக் கொண்டுபோக முடியாது. மீனுக்கு ஐஸ் அடிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அவர்களுக்கு அமோனியா வகைதான்.

கரண்ட் சில்லரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை பாதிக்கும் குறைவு, எங்கும் திருத்த ஆள் கிடைக்கும், சொடுக்கினால் ஓடும். வெயிலில் 35 கிலோவாற் குளிருக்கு ஏறத்தாழ 12 கிலோவாற் கரண்ட் இழுக்கும், அதாவது கொடுத்ததுக்கு எத்தனை மடங்கு குளிர் வருகிறது என்று காட்டும் செயல்திறன் குணகம் 3.

உறிஞ்சல் மெஷினுக்கு அதே குணகம் 0.7. இதைக் கேட்டதும் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். 3 எங்கே, 0.7 எங்கே! ஆனால் ஒன்று காசு கொடுத்து வாங்கும் கரண்டுக்கான எண், மற்றது வானத்துக்குப் போகும் சூட்டுக்கான எண். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. எங்கள் பொயிலர் மணிக்கு 200 கிலோ உமி எரிக்கிறது. புகை 230 பாகையில் போகிறது, அதை 130 வரை இறக்கிச் சூட்டை எடுத்தால் ஏறத்தாழ 50 கிலோவாற் வரும். அதைக்கொண்டு தண்ணீரை 88 பாகைக்குச் சூடாக்கி மெஷினுக்கு அனுப்புகிறோம். 50ஐ 0.7ஆல் பெருக்கினால் 35. கணக்கு மட்டுமட்டாகச் சரி. புகைபோக்கியைப் பார்த்துவிட்டு "இதிலை நூறு தொன் வரும்" என்று நினைப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருதரம் போட்டுப் பார்க்கட்டும்.

0.7 என்ற எண் உண்மையில் கடிப்பது வேறோர் இடத்தில். அறையிலிருந்து எடுத்த 35, புகையிலிருந்து கொடுத்த 50, இரண்டும் மெஷினுக்குள்ளேயே தங்கிவிட முடியாது. சேர்த்து 85 கிலோவாற் வெளியே போயாக வேண்டும். கரண்ட் சில்லரில் 35உம் 12உம், வெறும் 47. அதைக் காற்றாடி ஊதித் தள்ளிவிடும். உறிஞ்சல் மெஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு போக உள்ளே வரும் குளிர்ப்புத் தண்ணீர் 31 பாகையில் இருக்க வேண்டும். வெளியே 35 பாகை வெயில் அடிக்கும்போது காற்றை மட்டும் வைத்து அது நடக்காது. ஆகவே தண்ணீரில் கொஞ்சத்தை ஆவியாக்கி மற்றதைக் குளிரவைக்கும் கூலிங் டவர் கட்டாயம். மணிக்கு 18,000 லீற்றர் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பியும் டவர் காற்றாடியும் சுடுநீர்ப் பம்பியும் சேர்ந்து எங்கள் மீற்றரில் 4 கிலோவாற் காட்டுகின்றன. எனவே மிச்சம் 12 அல்ல, 8. பத்து மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 80 யூனிற். விற்பனைக்கு வந்தவர் காட்டிய தாளில் இந்தப் பம்பிகள் இருக்கவில்லை.

இனித் தண்ணீர். எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு குடிக்கும் என்பதுதான். 85 கிலோவாற்றை ஆவியாக்கி அனுப்ப மணிக்கு ஏறத்தாழ 125 லீற்றர் போகும். நெல் ஊறவைக்க நாங்கள் செலவழிப்பதோடு பார்த்தால் இது பெரிய அளவல்ல. எங்களைச் சிக்கவைத்தது அளவு அல்ல, கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை. எங்கள் கிணற்றில் லீற்றருக்கு 340 மில்லிகிராம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். டவரில் ஆவியாவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு அங்கேயே நின்றுவிடும். ஆவியாகும் அளவுக்கே இன்னொரு 125 லீற்றரை வடிய விட்டால்கூட டவர்த் தண்ணீர் கிணற்றைவிட இரண்டு மடங்கு கடினமாகத்தான் இருக்கும்.

முதல் போகத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒரு கொப்பியில் காலையும் மாலையும் நான்கு வெப்பநிலைகளைக் குறித்துவந்தேன். தொடக்கத்தில் அறைக்குப் போகும் குளிர்நீர் 7 பாகையில் வந்தது. மூன்றாம் கிழமை 8, ஐந்தாம் கிழமை 9, ஆறாம் கிழமை முடிய 11. சுடுநீர் அதே 88, டவரிலிருந்து வரும் தண்ணீரும் அதே 31. வெற்றிடத்துக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம், அதற்கும் அறிகுறி இதேபோலக் குளிர் குறைந்துபோவதுதான். கொழும்பிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர் காற்றை இழுத்தெடுத்துப் பார்த்தார், மாற்றமில்லை. பிறகு குளிர்ப்புத் தண்ணீர் வெளியேறும் குழாயின் மூட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். நகக்கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு, சொரசொரவென்று, தேங்காய் துருவும் பலகை மாதிரி. தண்ணீர் அதிகம் சூடாகும் முனையில்தான் சுண்ணாம்பு முதலில் பிடிக்குமாம். சல்பாமிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவினோம். அடுத்த நாள் திரும்பவும் 7.

கரண்ட் சில்லரில் இந்தக் கதையே வராது. அதன் சூடு காற்றுக்குப் போகிறது, தூசு படிந்தால் ஹோஸ் பிடித்து அடித்தால் போதும். இரண்டுக்கும் இடையில் தீர்மானிக்கிற விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: டவருக்கு ஊற்ற உங்களிடம் என்ன தண்ணீர் இருக்கிறது?

எங்களைக் காப்பாற்றியது நெல் களஞ்சியத்தின் தகரக் கூரை. 600 சதுர மீற்றர். கார்த்திகையில் 200 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போகப் பார்த்தாலும் 90,000 லீற்றருக்குக் குறையாது. 60,000 லீற்றர் தொட்டி ஒன்றைக் கட்டினோம். மழைத்தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் கடினம் 180க்குள் இறங்குகிறது. டவர்த் தண்ணீரில் அமிலம் சேர்த்தால் மூன்று மடங்கு வரை செறிய விடலாம் என்று தொழில்நுட்பவியலாளர் சொன்னார், வடிய விடுவதும் பாதியாகிறது. பத்து மணித்தியால ஓட்டத்துக்கு இப்படி இரண்டு மாதம் தொட்டி தாக்குப்பிடிக்கிறது. இரண்டாம் போகம் முழுவதும் குளிர்நீர் 8 பாகையைத் தாண்டவில்லை.

தண்ணீரின் கடினத்தை எடுக்கும் மென்னீராக்கி வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதைக் கழுவ வேண்டிய உப்பு வாங்க ஆனையிறவு கிட்டத்தான். ஆனால் அதைக் கழுவும்போது வரும் உவர்நீரை எங்கே விடுவது? எங்கள் வடிகால் பக்கத்து வயலுக்குத்தான் போகிறது. அந்த ஐயாவிடம் போய் நின்று சமாதானம் சொல்ல என்னால் முடியாது. தொட்டி வற்றும் ஆவணியில் மட்டும் ஒரு சிறிய மென்னீராக்கி ஓடுகிறது, கழிவு தனிக் குழிக்குப் போகிறது.

டவரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம் படித்தோம். முதலில் உமிக் குவியலுக்கு வடகிழக்கே வைத்திருந்தோம். கச்சான் காற்று தொடங்கியதும் உமித்தூசும் தவிடும் நேரே டவருக்குள் வந்து விழுந்து, தவிட்டில் பாசி வளர்ந்து, வடிகட்டி நாலு நாளுக்கொருதரம் அடைத்தது. இப்போது தென்மேற்கு மூலைக்கு மாற்றியாயிற்று.

மின்வெட்டு இன்னொரு கவலை. நிறுத்தும்போது இந்த மெஷின் சில நிமிடம் தானாக ஓடி, செறிந்த உப்புக் கரைசலை நீர்க்கச் செய்துவிட்டுத்தான் அடங்கும். ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் அதற்கு அவகாசமில்லை. கரைசல் ஆறும்போது உள்ளே உப்பு உறைந்து வழியை அடைக்கலாம். எங்களுக்கு ஒருதரம் நடந்தது. கரண்ட் வந்து மெஷின் ஓடியது, குளிர் மட்டும் இல்லை. வெப்பமாற்றியை வெளியிலிருந்து சூடாக்கி அரை நாளில் கரைத்தெடுத்தோம். அதன்பிறகு கரைசல் பம்பிகளுக்கு மட்டும் சிறிய ஜெனரேற்றர் இணைத்திருக்கிறோம்.

பொயிலர் ஓயும் இரவில் என்ன செய்கிறோம்? அறைச் சுவர் தடித்த காப்பு, அதோடு ஒரு சிறிய இன்வேட்டர் ஏசி. இதை மறைத்துவிட்டு உறிஞ்சல் மெஷின்தான் எல்லாம் செய்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆயுளைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது, இரண்டு வருடம்தான். உள்ளே அசையும் பாகம் குறைவு என்பதால் நீடிக்கும் என்கிறார்கள். வெற்றிடம் கெட்டால் உப்புக் கரைசல் இரும்பைத் தின்னும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். எங்களுடையதில் இதுவரை மாதத்துக்கு ஒருதரம் காற்றை இழுத்தெடுத்தால் போதுமாக இருக்கிறது.

முழங்காவில் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். பொயிலர் நாளுக்கு எத்தனை மணித்தியாலம்? "நாலு." கூரை? "சின்னது அண்ணை, பாதி கிடுகு." கிணறு? சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் உவர்" என்றார். கரண்ட் மெஷினையே எடும் என்று சொல்லி, தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்பினேன்.