மாத்திரை மட்டுமா, கத்தியும் சேர்த்தா?

காசிமேட்டில் மீன் விற்கும், சர்க்கரை நோயுள்ள அக்கா ஒருவர் கால் பெருவிரலுக்கு அடியில் புண்ணோடு வந்தார். சுற்றிலும் 3 செ.மீ. சிவப்பு, காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 84. சிவப்பு 2 செ.மீ. ஆனாலே நடுத்தரத் தொற்று. காய்ச்சலும் 90-க்கு மேல் நாடியும் சேர்ந்தால் கடுமையானது. சுத்தமான உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டேன். கல்லில் தட்டியது போல எலும்பு, அப்படியென்றால் தொற்று எலும்பு வரை போயிருக்கலாம். அவருக்கு வலிக்கவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

எலும்புத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் என்றால் சுமார் 6 வாரம். முன்பாதத்தில், ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, சீழ் தேங்காமல், எலும்பு வெளியே தெரியாமல் இருந்தால் அதுவும் சரியான வழிதான். இவருக்கோ அழுத்தினால் சீழ் வந்தது. சீழுக்குள்ளும் செத்த எலும்புக்குள்ளும் மருந்து சரியாகப் போகாது. பாதத்தில் நாடி நன்றாக இருந்ததால் வெட்டிச் சுத்தம் செய்து, எந்தக் கிருமி என்று பார்க்க எலும்புத் துண்டைக் கல்ச்சருக்கு அனுப்பினோம். வெட்டிய ஓரத்தில் கிருமி மிஞ்சியிருந்தாலும் இனி மருந்து 3 வாரம் வரைதான்.