ஒரே பதிவுக்கு இரண்டு தலைப்பு: மூன்று வருட அனுபவம்

என் சமையல் வலைப்பதிவில் மூன்று வருடங்களாக ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு தலைப்பு எழுதி வருகிறேன். ஒன்று தேடல் முடிவில் தெரிவதற்கு, இன்னொன்று பக்கத்தைத் திறந்தவர் படிப்பதற்கு. வேர்ட்பிரஸில் எஸ்இஓ செருகுநிரல் போட்டால் முதலாவதற்குத் தனிக் கட்டம் கிடைக்கும். காலியாக விட்டால் பதிவின் தலைப்பையே எடுத்துக்கொள்ளும்.

பக்கத் தலைப்பில் ஆசைப்பட்டபடி எழுதலாம் என்பதுதான் இதில் எனக்குக் கிடைத்த சுகம். ஆனால் முதல் வருடம் அந்தச் சுகத்தை அளவுக்கு மீறி அனுபவித்துவிட்டேன். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காதது பற்றிய பதிவுக்கு "மார்கழியின் பிடிவாதம்" என்று பெயர் வைத்தேன். தேடல் கட்டத்திலோ இட்லி மாவு, தோசை மாவு, மாவு புளிக்க, மாவு பொங்க என்று சொற்களை அடுக்கினேன். சில வாரம் கழித்துத் தேடிப் பார்த்தால் முடிவில் "மார்கழியின் பிடிவாதம்" நிற்கிறது! யார் அதை இட்லி என்று நினைத்துச் சொடுக்குவார்கள்?

தப்பு என்னுடையதுதான். கூகுள் தேடல் தலைப்பை, அதாவது title-ஐ, அப்படியே காட்டியாக வேண்டும் என்பதில்லை. அது நீளமாகவோ, சொற்களை அடுக்கியதாகவோ, பழையதாகவோ தெரிந்தால் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்து எடுத்துக் காட்டக்கூடும். 2021 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு பெரிய தலைப்புக்கு இதில் பங்கு கூடிவிட்டது. அப்புறம் இப்படி மாற்றினேன்:

```html
<title>இட்லி மாவு புளிக்கவில்லையா? குளிர்கால வழிகள்</title>
<h1>மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க மறுத்தால்</h1>
```

"இட்லி மாவு" இரண்டிலும் இருக்கிறது. கூகுள் எதை எடுத்தாலும் பதிவு எதைப் பற்றியது என்று புரியும். கூகுள் மறுபடி அந்தப் பக்கத்தை அலசிய பிறகு நான் எழுதிய title-ஏ வந்தது.

நீளத்தில் இன்னொரு சிக்கல். 60 எழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்துக்குச் சொன்னது. தேடல் முடிவு வெட்டப்படுவது அகலத்தைப் பார்த்து. நம் எழுத்துகள் அகலமானவை. போதாக்குறைக்கு "கொ" என்ற ஓர் எழுத்தைச் சில கருவிகள் இரண்டாக எண்ணும். அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு முக்கியமான சொல்லை முன்னால் வைக்கிறேன், வலைப்பதிவின் பெயரைக் கடைசியில் தள்ளுகிறேன். வெட்டினால் அதுதான் போகும்.

வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் தலைப்பு மூன்றாவது, og:title. என் செருகுநிரல் அதற்குத் தேடல் தலைப்பையே போட்டுக்கொண்டிருந்தது. அத்தை கேட்டபிறகுதான் கவனித்தேன்: "ஏம்மா, நீ அனுப்புற லிங்க் எல்லாம் விளம்பரம் மாதிரியே இருக்கு?" இப்போது அங்கே வாசகர் தலைப்பு போகிறது.

இந்த உழைப்பு எல்லாப் பதிவுக்கும் வேண்டியதில்லை. கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்து, தேடலில் பல முறை தெரிந்தும் சொடுக்கு குறைவாக இருக்கும் பக்கங்களை மட்டும் எடுத்து, அவற்றின் தேடல் தலைப்பைத் திருத்துகிறேன். பாட்டி வீட்டு அடுப்பைப் பற்றி எழுதியதற்கு ஒரே தலைப்புதான். அதை யாரும் தேடி வருவதில்லை.