கோட்டுக்கு மேலே கரை, கீழே தண்ணி: தம்பியோடு விளையாடிய இரண்டு வருடம்

தம்பிக்குக் கொன்ட்ரோலர் கையில் பிறந்த மாதிரி. எனக்கோ ஓடிக்கொண்டே பாய வேண்டும் என்றால் விரல் தடுமாறும். இருவர் சேர்ந்து ஆடுகிற இட் டேக்ஸ் டூ என்ற வீடியோ விளையாட்டைத் தொடங்கிய முதல் கிழமையே அது தெரிந்துவிட்டது. நான் ஒரே இடத்தில் நாலு தரம் விழுந்தால், "இங்க தாங்கக்கா, ஒருக்காப் பாய்ஞ்சு தாறன்" என்பான். என் கொன்ட்ரோலர் அவன் மடிக்குப் போய்விடும். வெளியே கச்சான் காற்று அனலாய் அடிக்கும், நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து வேடிக்கை பார்ப்பேன்.

2021இல் வந்த அந்த விளையாட்டைக் குறை சொல்ல மனம் வராது. ஒருவரிடம் ஆணி, மற்றவரிடம் சுத்தியல். ஆணியைப் பலகையில் எறிந்தால்தான் சுத்தியல்காரர் அதில் தொங்கி அப்பால் போகலாம். ஆனால் பெரிய எதிரியோடு சண்டை வரும்போது ஒருவர் செத்தாலும் மற்றவர் உயிரோடு நின்றால் போதும், பொத்தானைத் தட்டித் தட்டித் திரும்பி வரலாம். அந்தச் சலுகையால் முக்கால்வாசிச் சண்டைகளைத் தம்பி தனியாகவே முடித்தான். நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

இரண்டு பேரும் உண்மையாகவே கதைத்து ஆட வேண்டிய விளையாட்டு எது என்று என்னிடம் கேட்டால், இப் அண்ட் ஒப் என்பேன். தேடும்போது ibb & obb என்று அடிக்க வேண்டும். 2013இல் முதலில் பிளேஸ்டேஷனுக்கு வந்த பழைய விளையாட்டு. என் அலுவலக மடிக்கணினியிலேயே ஓடுகிறது.

திரையின் நடுவே குறுக்காக ஒரு கோடு போகும். கோட்டுக்கு மேலே புவியீர்ப்பு வழமை போலக் கீழ்நோக்கி இழுக்கும். கோட்டுக்குக் கீழே எல்லாம் தலைகீழ், அங்கே நிற்பவரை அது மேல்நோக்கி, கோட்டை நோக்கி இழுக்கும். கோட்டில் ஆங்காங்கே ஓட்டைகள் இருக்கும். மேலிருந்து ஓட்டைக்குள் விழுந்தால், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் கீழ்ப்பக்கம் போய், திரும்பவும் கோட்டை நோக்கி விழுவீர்கள். சில ஓட்டைகளுக்கு நிறம் உண்டு. பச்சை ஓட்டைக்குள் பச்சை உருவம் மட்டும்தான் போகலாம். இருவரில் ஒருவர் செத்தால் மற்றவரும் சாவார். இந்த ஒரு விதி எங்கள் வீட்டுப் பழக்கத்தையே மாற்றியது.

எங்களை ஒரு இரவு முழுக்க இழுத்தடித்த இடத்தைச் சொல்கிறேன். கீழ்ப்பக்கத்தால் முன்னே போகிற வழியை ஒரு முள்ளுப் பிராணி மறித்துக்கொண்டு நின்றது. அதைத் தொட்டால் சாவு. ஆனால் இந்தப் பிராணிகளுக்குக் கோட்டின் மறுபக்கத்தில் மெதுமெதுவென்று ஒரு ஜோடி இருக்கும். அதில் மோதினால் இரண்டும் சேர்ந்து ஒழியும். அந்த மெதுவான ஜோடி மேல்பக்கம் ஒரு திட்டில் இருந்தது. திட்டு மூன்று ஆள் உயரம், தரையில் நின்று பாய்ந்தால் எட்டாது. ஆகவே கீழ்ப்பக்கத்திலிருந்து வேகமாக வந்து ஓட்டையால் சீறி எழும்ப வேண்டும். அங்கே இருந்த மேடையோ கோட்டிலிருந்து இரண்டு ஆள் தூரம்தான். ஒரு ஆள் குறைகிறது.

ஒருவர் மேடையில் நிற்க, மற்றவர் அவர் தலையில் ஏறிப் பாய்ந்தால் அந்தக் குறை தீரும். தம்பி இதைச் சட்டென்று கண்டுபிடித்து, பாய்கிற வேலைக்குத் தானே தயாரானான். ஓட்டையோ பச்சை. பச்சை நான். கொன்ட்ரோலரைப் பறித்தாலும் பிரயோசனமில்லை, அப்போது அவன் உருவத்தை நான் பிடித்துத் தலையைச் சரியான இடத்தில் வைத்திருக்க வேண்டுமே.

அங்கேதான் எங்கள் பேச்சு உடைந்தது. "மேலே பாயுங்க" என்பான். தலைகீழாக நிற்கிற எனக்கு எது மேலே? திரையில் மேல் பக்கமா, என் தலைப் பக்கமா? ஐந்தாறு தரம் செத்த பிறகு, அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த நேரத்தில், சொற்களை மாற்றினோம். கோடு கடல் மட்டம். அதற்கு மேலே கரை, கீழே தண்ணி. பாய்வதைக் "கோட்டை விட்டு" என்றும், விழுவதைக் "கோட்டுக்கு" என்றும் சொல்வது. தாங்கி நிற்பவர் அசையாமல் நின்ற பிறகு "நிண்டிட்டன்" என்று சொன்னால்தான் மற்றவர் பாயலாம். திருமலைக்காரருக்கு உப்புவெளிக் கடற்கரையை நினைத்தாலே இது விளங்கும்.

பிழைகளையும் பார்த்துப் பழகினோம். திட்டுக்கு ஒரு ஆள் குறைவாக வந்து விழுந்தால் புறப்பட்ட உயரம் போதவில்லை, தலையில் ஏறாமல் பக்கத்தால் பாய்ந்திருப்பேன். ஓட்டையின் விளிம்பில் முட்டி நின்றால் உயரம் சரி, நிற்கிற இடம்தான் பிழை, தம்பி ஒரு அடி நகர வேண்டும். முன்பெல்லாம் "உங்களுக்கு டைமிங் சரியில்ல" என்று எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு. இப்போது யார் பக்கம் பிழை என்பதைத் திரையே காட்டிவிடுகிறது. பாதித் தரம் அவன் பக்கம்தான்.

அப்புறம் அவன் படிக்கக் கொழும்புக்குப் போனான். இப் அண்ட் ஒப்பை இணையத்தில் விளையாடிப் பார்த்தோம், எங்கள் இணைப்புக்குச் சரிவரவில்லை. மழை நாளில் நான் பாய்வது அவனுக்குப் பிந்தித் தெரியும், இரண்டு பேரும் சேர்ந்து சாவோம். ஆகவே 2011இல் வந்த போர்ட்டல் 2க்கு மாறினோம். அதில் இருவர் ஆடுவதற்கென்றே தனியாக வைத்த பகுதியில் ஆளுக்கொரு ரோபோ, சுவரில் சுட்டுத் திறக்க ஆளுக்கு இரண்டு வாசல்கள், ஒன்றால் நுழைந்தால் மற்றதால் வெளியே வரலாம். ஒருவர் நொறுங்கினாலும் உடனே புதிதாகப் பிறந்து வரலாம், மற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

இங்கே சிக்கல் வேறு. தம்பி அதைத் தன் சிநேகிதனோடு முன்பே முடித்திருந்தான். சுவரில் இடத்தைக் குறித்துக் காட்டுகிற வசதி அதில் உண்டு. அவன் குறிப்பான், நான் அங்கே வாசலைச் சுடுவேன், கதவு திறக்கும். என் கை வேலை செய்தது, என் மூளை சும்மா இருந்தது. கொன்ட்ரோலரைப் பறிப்பதை விட இது மோசம், ஏனென்றால் பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் ஆடுவது போலவே தெரியும். மூன்றாம் நாள் ஒரு ஒப்பந்தம் போட்டோம்: நான் கேட்டாலொழிய அவன் குறிக்கக்கூடாது, வாயால் கேள்வி மட்டும் கேட்கலாம். "அந்தப் பெட்டி உங்க இருந்து எங்க போகலாம்?" என்பான். அறை ஒன்றுக்கு முன்னரை விட இரண்டு மடங்கு நேரம் போனது.

அந்த "உங்க" என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். ஒரே சோபாவில் இருந்தபோது "அங்க" என்று விரலை நீட்டினால் போதும். தனித்தனித் திரையில் "அங்க" என்றால் யாருடைய அங்க? அம்மா யாழ்ப்பாணம் என்பதால் வீட்டில் "உது", "உங்க" எல்லாம் புழங்கும். கேட்கிறவருக்குக் கிட்ட இருப்பது "உங்க", சொல்கிறவருக்குக் கிட்ட இருப்பது "இங்க", இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது "அங்க". போர்ட்டலுக்கு என்றே செய்து வைத்த மாதிரி.

இரண்டு பொத்தான்களை ஒன்றாக அமத்த வேண்டிய இடங்களில் மட்டும் வாயை நம்ப வேண்டாம். "மூண்டு, ரெண்டு, ஒண்டு" என்று நான் எண்ணுவது கொழும்புக்குப் பிந்திப் போகும். போதாததற்கு, நான் "ஒண்டு" என்னும்போதே அமத்துவேன், அவன் அதற்குப் பிறகு அமத்துவான். விளையாட்டுக்குள்ளேயே இரண்டு திரையிலும் தெரிகிற எண்ணிக்கை இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

போன கிழமை தம்பி அறைத் தோழனோடு இப் அண்ட் ஒப் தொடங்கியிருக்கிறான். அந்தப் பொடியன் கண்டிக்காரன். "தண்ணிக்குப் போ, தண்ணிக்குப் போ" என்று இவன் கத்த, அவன் எழும்பிப் போய்ப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானாம்.