மார்கழி லீவில் விலை இறக்கிய கதை

மெல்போர்னில் பள்ளி லீவு விட்டதும் மூன்று வாரத்துக்குச் சென்னை வந்தேன். முக்கிய வேலை ஒன்றுதான்: குரோம்பேட்டையில் ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் ஃபிளாட்டுக்கு ஒரு முடிவு கட்டுவது. 980 சதுர அடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, 18 வருடக் கட்டடம். ஆனியில் 78 லட்சம் என்று போட்டிருந்தோம்.

வந்த மறுநாளே புரோக்கரைப் பார்த்தேன். "சார், மாசம் ஒரு லட்சமா இறக்கிக்கிட்டே வருவோம், எங்கயாவது மாட்டும்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் கூப்பிட்டார்கள், யார் வந்து பார்த்தார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். டீ ஆறும்வரை அதைப் புரட்டினேன்.

ஆனியில் 14 அழைப்பு. ஆடியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆவணியில் 9 அழைப்பு, நேரில் வந்தவர்கள் நான்கு பேர், விலை கேட்டவர் ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் புரட்டாசி, அப்புறம் மழை, இப்போது மார்கழி. ஆடியில் போன் வராததை விலையின் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, அந்த மாதத்தில் யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஆவணி நல்ல மாதம். நான்கு பேர் படியேறிப் பார்த்துவிட்டு, "60 தர்றேன்" என்று அடிமாட்டு விலைகூடக் கேட்காமல் போகிறார்கள் என்றால் வீடு பிடிக்காமல் இல்லை, விலை பேச்சுக்கே எடுக்கவில்லை என்று அர்த்தம். இறக்கியிருக்க வேண்டியது அப்போதே. நான் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நால்வரில் ஒருவர் விலைக்காகப் போகவில்லை. விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குபவர் கொடுக்கும் தொகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பயந்துவிட்டாராம். அவரை விலைக்குறைப்பு இழுக்காது. ஆடிட்டரிடம் குறைந்த வரிப் பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, எவ்வளவு இறக்குவது? பத்திரத்தில் பதிவான விலைகளை நம்பிப் பயனில்லை; வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியைக் கையில் வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் இரண்டு வழியில் கணக்குப் பார்த்தேன். ஐப்பசியில் எங்கள் பிளாக்கிலேயே முதல் மாடி வீடு 72க்குப் போயிருந்தது, அளவும் இதேதான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடிக்கு ஒன்றரை லட்சம் குறையும் என்பது புரோக்கர் கணக்கு. இரண்டு மாடிக்கு மூன்று. அவர்களுக்கு மூடிய கார் பார்க்கிங், எனக்குத் திறந்தவெளி, அதற்கு ஒன்று. ஆக 68. வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் ஒருவரைக் காசு கொடுத்து வரவழைத்தேன். குளியலறைச் சுவரின் ஈரத்தைக் கைவைத்துப் பார்த்துவிட்டு அவர் எழுதியது 67.5. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. இப்படிப்பட்டவர் எழுதும் மதிப்பை வைத்துத்தான் வங்கி கடனைக் கணக்கிடும்; விலை அதைத் தாண்டினால் வாங்குபவருக்குக் கடன் கூடாது. மீதியைக் கைக்காசில்தான் போட வேண்டும்.

கேட்கும் விலை 70 என்று முடிவு செய்தேன். பேரம் பேச இரண்டு லட்சம் இடம். 69.9 என்று போடாததற்கும் காரணம் உண்டு: இணையதளத்தில் வீடு தேடுபவர்களில் ஒரு கூட்டம் "70 வரை" என்று தேடும், இன்னொரு கூட்டம் "70 முதல் 80" என்று தேடும். சரியாக 70 என்றால் இரண்டு பேர் கண்ணிலும் படும். 78-ஐ 77, 76 என்று இறக்கியிருந்தால் அதே பழைய ஆட்கள்தான் பார்த்திருப்பார்கள், "இன்னும் இறங்கும், பொறு" என்று காத்தும் இருப்பார்கள்.

இறக்குவதற்கு முன்னால் ஒரு அசிங்கம் தெரியவந்தது. எங்கள் பால்கனி, எங்கள் துளசி மாடம், அதே போட்டோ, இணையதளத்தில் நான்கு இடத்தில்: 78, 76, 75, 72. புரோக்கர் தன் நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார், அவர்கள் இஷ்டத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள். நான் இறக்குமுன்பே ஊர் இறக்கிவிட்டது! மூன்றை நீக்க வைக்க ஐந்து நாளும் இரண்டு சண்டையும் ஆனது.

புதிய விலையை உடனே போடவில்லை. மார்கழியில் போட்டால் தை பிறப்பதற்குள் அதுவும் பழையதாகிவிடும். போகிக்கு முந்தின நாள், ஈரச் சுவரைச் சரிசெய்து வெள்ளையடித்து, புது போட்டோவோடு 70 என்று ஏற்றினோம். நான் விமானம் ஏறுவதற்குள் ஆறு பேர் வந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் 66 கேட்டார். மச்சானிடம் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 67.5க்குக் கீழே மாசி முடியும்வரை தலையாட்டக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.